பள்ளி விடுமுறையன்று பிள்ளையை ஒரு மணி நேரம் ஆபிசுக்குக் கூட்டி வரலாமா? மேலாளரிடம் கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு விடுமுறை என்றால் ஆபிசும் மூடித்தானே இருக்கும்? பிறகு எதற்கு இந்தக் கேள்வி?

பள்ளிக்கு மட்டும் விடுமுறை விழும் நாள்களில்தான் சிக்கல். பள்ளி அறிவிக்கும் சிறப்பு விடுமுறை, நாம் எல்லாரும் சுத்தி பெரிஸ்திவா என்று சொல்வது, அடிக்கடி பெருநாளை ஒட்டி ஒரு திங்களிலோ வெள்ளியிலோ வந்து நிற்கும். சனிக்கிழமை பள்ளி நடத்திவிட்டு அதற்கு ஈடாக விடும் நாளும் அப்படித்தான். கிள்ளான், காப்பார், ரவாங் பக்கம் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 11, சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள், சிலாங்கூரில் விடுமுறை. கோலாலம்பூரில் அது வேலை நாள். அன்று வீட்டுப் பக்கத்துப் பராமரிப்பு மையமும் திறக்காது.

நாள் முழுவதும் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்றால் விடுப்பு எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நான் இங்கே சொல்வது நடுவில் விழும் ஒரு மணி நேர இடைவெளியைப் பற்றி. நீங்கள் 9 மணிக்கு வேலையில் இருக்க வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் 10 மணிக்குத்தான் வந்து சேருவார். அந்த ஒரு மணி நேரத்துக்கு அரை நாள் விடுப்பைக் கரைக்க யாருக்கும் மனம் வராது.

கேட்பதற்கு எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

பிள்ளையை வேலை இடத்துக்குக் கூட்டி வரும் உரிமையை மலேசியச் சட்டம் யாருக்கும் தரவில்லை. தனியார் துறையில் பிள்ளையைக் கவனிக்க என்று தனி விடுப்பும் சட்டத்தில் கிடையாது. அவசர விடுப்பு என்று நாம் எடுப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஒரு வழக்கம்தான். பல இடங்களில் அதை ஆண்டு விடுப்பிலிருந்துதான் கழிப்பார்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி அந்த ஆண்டு விடுப்பே முதல் 2 வருடத்துக்கு 8 நாள், 5 வருடம் ஆகும் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். இது குறைந்தபட்சம். உங்கள் கம்பெனி கூடவும் தரலாம்.

ஆக, மேலாளர் சம்மதித்தால் அது அவர் செய்யும் உதவி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் வார்த்தைகள் தானாகச் சரியாக அமையும்.

ஒரே ஒரு மணி நேரம்தானே? இதற்குப் போய் மேலாளர் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்?

நான் பல வருடம் கேட்கிற இடத்தில் இருந்தவள். இப்போது ஒரு சின்னக் குழுவுக்குப் பொறுப்பாக இருப்பதால் பதில் சொல்கிற இடத்திலும் இருக்கிறேன். பிள்ளையைப் பிடிக்காமல் யாரும் தயங்குவதில்லை. கேள்வி வந்ததுமே மேலாளர் மனத்தில் மூன்று விஷயம் ஓடும்.

முதலாவது, அடிபட்டால் யார் பதில் சொல்வது என்பது. பெர்கேசோ பாதுகாப்பு சந்தா கட்டும் ஊழியருக்குத்தான். அவர் பிள்ளை அதில் வராது. ஆனால் வேலை இடத்துக்கு வரும் வெளியாள்களின் பாதுகாப்பையும் முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் முதல் சாதாரண ஆபிஸ்களும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பிள்ளை வழுக்கி விழுந்தால் "யார் அனுமதி கொடுத்தது?" என்ற கேள்வி மேலாளரிடம்தான் வரும். இரண்டாவது, உங்களுக்குச் சரி என்றால் நாளைக்கு இன்னொருவருக்கு எப்படி முடியாது என்பது? மூன்றாவது, அந்த ஒரு மணி நேரம் உண்மையிலேயே ஒரு மணி நேரத்தில் முடியுமா?

இந்த மூன்றுக்கும் உங்கள் செய்தியிலேயே பதில் இருந்தால் மேலாளர் அதை அப்படியே மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். பல கம்பெனிகளில் அவர் தனியாக முடிவு செய்யவும் முடியாது, மேலே ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். அதனால், வேறொருவருக்குக் காட்டினாலும் புரிகிற மாதிரி எழுதுவது முக்கியம்.

சரி, எப்போது கேட்பது? எப்படி எழுதுவது?

எங்கள் குழுவில் வேலை செய்யும் ஒரு தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் மகளுக்கு 8 வயது, தமிழ்ப்பள்ளி மாணவி. திங்கட்கிழமை சிறப்பு விடுமுறை என்று வகுப்பு ஆசிரியை புலனக் குழுவில் போட்டுவிட்டார். கணவர் காலை வேலை. கிள்ளானில் இருக்கும் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் தன் பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுத்துவிட்டு, கொமியூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் வந்து சேர 9:40 ஆகும். எங்கள் ஆபிஸ் அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.

அந்தத் தங்கை முந்திய வாரம் செவ்வாய்க்கிழமையே எனக்கு எழுதினாள். செவ்வாய் சரியான நாள். வெள்ளிக்கிழமை மாலை கேட்டிருந்தால் கட்டட நிர்வாகத்துக்குப் பெயர் கொடுக்க நேரம் இருந்திருக்காது. ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால் நானே மறந்துபோயிருப்பேன். அவள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மேடம், வருகிற திங்கட்கிழமை மகள் பள்ளிக்குச் சிறப்பு விடுமுறை. அன்று காலை 9 முதல் 10 வரை மட்டும் அவளை ஆபிசில் என்னோடு வைத்துக்கொள்ளலாமா? என் நாத்தனார் 10 மணிக்குக் கீழே லாபிக்கு வந்து கூட்டிப் போய்விடுவார். அந்த நேரத்தில் எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை. அவள் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் செய்வாள், முழுப் பொறுப்பும் என்னுடையது. நாத்தனாருக்கு ரயில் தாமதமானால் அந்த நிமிடமே அரை நாள் விடுப்புப் போட்டு நானே கூட்டிப் போய்விடுகிறேன். முடியாது என்றாலும் பரவாயில்லை, காலை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். வியாழனுக்குள் தெரிந்தால் விடுப்பு விண்ணப்பம் போட வசதியாக இருக்கும்."

ஏன் இதற்கு உடனே சரி சொன்னேன் என்றால், ஆரம்பமும் முடிவும் தெளிவாக இருந்தன. "10 மணி வாக்கில்" என்று அவள் எழுதவில்லை. யார் வந்து, எங்கே வைத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார் என்பது இருந்தது. ரயில் தாமதமானால் என்ன செய்வாள் என்பதும் இருந்தது. கொமியூட்டரில் போய் வருகிற நமக்கு அது எவ்வளவு சாதாரணம் என்று தெரியும், ஆனாலும் கேட்கிறவர்கள் அதை எழுதுவதே இல்லை. "முடியாது" என்று சொல்லவும் எனக்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தாள். அந்த வழி இருந்ததாலேயே சரி சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவள் எழுதாத ஒன்றையும் கவனியுங்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று வீட்டுக் கதை எதுவும் அதில் இல்லை. அதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் படிக்கிற மேலாளருக்குச் சங்கடம்தான். அப்படிப்பட்ட செய்தியை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பவும் முடியாது.

உங்கள் ஆபிசில் எந்த மொழியில் வேலை நடக்கிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். மேலாளர் மலாய்க்காரரோ சீனரோ, சொல்ல வேண்டிய விஷயமும் வரிசையும் இதுவேதான்.

என் மேலாளர் நம்ம தமிழ் ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்ப்போம், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?

வேண்டாம். கோயில் வாசலில், உங்கள் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எந்த அக்காவும் "முடியாது" என்று சொல்லமாட்டார். திங்கட்கிழமை ஆபிசுக்கு வந்ததும்தான் அவருக்கு மற்ற ஊழியர்கள் நினைவுக்கு வருவார்கள். தமிழ் ஆளுக்குத் தமிழ் ஆள் விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற பேச்சு கிளம்பினால் அதைச் சுமக்கப்போகிறவர் அவர்தான். நெருக்கம் இருக்கிறது என்பதற்காகவே எழுத்தில் கேளுங்கள், மற்றவர்களுக்கு எழுதுகிற அதே மாதிரி எழுதுங்கள்.

வாயால் "ஓகேலா, கூட்டி வா" என்று சொல்லிவிட்டார். அது போதாதா?

போதாது. அன்றே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். "நன்றி மேடம், திங்கள் 9 முதல் 10 வரை மகளைக் கூட்டி வருகிறேன், காவலரிடமும் சொல்லி வைக்கிறேன்" என்றால் முடிந்தது. மேலாளர் திங்கட்கிழமை பினாங்குக்கு வேலையாகப் போய்விட்டால் அவர் இடத்தில் இருப்பவருக்குக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

மேலாளர் சம்மதித்துவிட்டார். அப்புறம் வேறு யாரிடம் சொல்ல வேண்டும்?

கீழே லாபியில் இருக்கும் பாதுகாவலரிடம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது. முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில், மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு 7 வயது மகனோடு 8:50க்கு லாபியில் நின்றேன். என் அட்டையைத் தொட்டதும் தடுப்புக் கதவு திறந்தது. அவனை எனக்கு முன்னால் விட்டேன். அவன் உள்ளே போனதும் அந்தக் கண்ணாடிக் கதவு என் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. இரண்டாம் முறை அட்டையைத் தொட்டால் சிவப்பு விளக்கு. ஒரு தடவை உள்ளே போன அட்டை, வெளியே வராமல் மறுபடியும் திறக்காது. பிள்ளை அந்தப் பக்கம் அழுகிறான், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். காவலர் ஓடி வந்து திறந்துவிட்டார். ஆனால் வருகையாளர் பட்டியலில் அவன் பெயர் இல்லாததால் மேலே விடவில்லை. மேலாளரைக் கூப்பிட்டு, அவர் கட்டட நிர்வாகத்தைக் கூப்பிட்டு, நான் இருக்கைக்குப் போகும்போது 9:25. கேட்டு வாங்கிய ஒரு மணி நேரத்தில் பாதி அங்கேயே போயிற்று.

அதனால் முந்திய வேலை நாளே கேட்டுவிடுங்கள்: பிள்ளைக்கு வருகையாளர் அட்டை வேண்டுமா, பெயர் முன்கூட்டியே பதிய வேண்டுமா? பிள்ளையின் மைகிட் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். சில கட்டடங்களில் அதைப் பார்த்துத்தான் பதிவார்கள். தடுப்புக் கதவில் காவலரைக் கூப்பிட்டு அகலமான பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி இருவரும் சேர்ந்து போங்கள். கூட்டிப் போக வருகிறவர் மேலே வர வேண்டாம், நீங்களே 9:55க்குப் பிள்ளையோடு கீழே இறங்கிவிடுங்கள்.

அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

உங்கள் கண் படும் இடத்தில். காலியாக இருக்கிறதே என்று மீட்டிங் அறையில் விட்டுவிடாதீர்கள். 9:30க்கு யாராவது அதைப் பதிவு செய்திருப்பார்கள். சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம், அசையாத ஒன்றை இழுத்துப் போடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சக்கரம் ஒரு விளையாட்டுச் சாமான்.

பேண்ட்ரிதான் எனக்குப் பயம். தண்ணீர் இயந்திரத்தில் நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிவப்பில் வருவது மைலோ கலக்கும் சூட்டுத் தண்ணீர். பூட்டு வைத்த குழாயாக இருந்தாலும், பெரியவர்கள் அழுத்துவதை ஒரு தடவை பார்த்தால் பிள்ளைக்கு வழி தெரிந்துவிடும். தண்ணீரும் ரொட்டியும் வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிட்டால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வந்ததும் முதலில் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

கைப்பேசி கொடுப்பதாக இருந்தால் காதில் மாட்டும் கருவியோடு கொடுங்கள், படம் எடுக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். பக்கத்து மேசைத் திரையில் வாடிக்கையாளர் விவரம் இருக்கும். அது படத்தில் விழுந்தால் உங்கள் பக்கத்து மேசைக்காரர்தான் மாட்டிக்கொள்வார்.

கூட்டிப் போக வருகிறவர் மழையில் மாட்டிக்கொண்டார். 11 ஆகும் என்கிறார். என்ன செய்வது?

9:45க்கே அவரைக் கூப்பிட்டு எங்கே வருகிறார் என்று கேளுங்கள். பெடரல் நெடுஞ்சாலையில் மழை என்றால் "பத்து நிமிடம்" என்பதை யாரும் நம்ப முடியாது. தாமதம் என்று தெரிந்ததும், 10 மணி அடிப்பதற்கு முன்னாலேயே மேலாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிய மாற்று வழியை அப்படியே செய்யுங்கள். "இன்னும் அரை மணி நேரம்" என்று கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். ஆனால் அடுத்த தடவை நீங்கள் ஒரு மணி நேரம் என்று எழுதினால் அவர் இரண்டு மணி நேரம் என்று படிப்பார்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இது எனக்கும் பொருந்துமா?

உற்பத்திப் பகுதி, சுத்த அறை, கிடங்கு, சோதனைக்கூடம் என்றால் கேட்கவே வேண்டாம். மேலாளருக்கு விருப்பம் இருந்தாலும் பாதுகாப்பு விதி அவரை விடாது. அதே தொழிற்சாலை வளாகத்தில் தனிக் கட்டடத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள் என்றால் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் வளாகத்து வாயிலிலேயே பிள்ளையை நிறுத்திவிடக்கூடும் என்பதால் முதலில் பாதுகாப்புப் பிரிவிடம் விசாரியுங்கள். அங்கே பலருக்கும் ஒத்துவருவது, உடன் வேலை செய்பவரோடு அன்றைய ஷிப்டை மாற்றிக்கொள்வது. அதையும் மேற்பார்வையாளர் வழியாகவே செய்யுங்கள்.

பிள்ளைக்கு லேசாகச் சளி. கூட்டி வரலாமா?

கூடாது. பள்ளியை மூடியதே கை, கால், வாய் நோயால் என்றால், உங்கள் பிள்ளை நன்றாக இருந்தாலும் கூடாது. பக்கத்து மேசையில் கர்ப்பிணி இருக்கலாம், வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர் இருக்கலாம்.

"முடியாது" என்று சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா?

"சரி மேடம், புரிகிறது" என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். பிள்ளையைப் பற்றிய கேள்வியை நேரத்தைப் பற்றிய கேள்வியாக மாற்றினால் பல சமயம் கதவு திறக்கும். அன்று மட்டும் 10 மணிக்கு வந்து மாலை ஒரு மணி நேரம் கூட இருக்கலாமா? காலையில் வீட்டிலிருந்து வேலை செய்துவிட்டு மதியம் வரலாமா? இவற்றில் கட்டடம், விபத்து, முன்னுதாரணம் எதுவும் இல்லாததால் மேலாளர் தானே முடிவு செய்துவிடலாம். அதுவும் இல்லை என்றால் அரை நாள் விடுப்பு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளையைக் கார் நிறுத்துமிடத்தில் காரிலோ, லாபி நாற்காலியிலோ, கீழே மாமாக் கடையிலோ "அம்மா இதோ வந்துடுறேன்" என்று உட்கார வைத்துவிட்டு மேலே போகாதீர்கள். காருக்குள் சூடு ஏறுவதற்கு நம் ஊர் வெயிலில் அதிக நேரம் ஆகாது. பிள்ளையைத் தகுந்த கண்காணிப்பு இல்லாமல் விட்டுச் செல்வது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் 33ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். அபராதம் மட்டுமல்ல, சிறையும் உண்டு.

பதிலே வரவில்லை. நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்ட வியாழக்கிழமை மதியம் வரை பொறுங்கள். பிறகு நேரில் போய், "மேடம், திங்கள் விஷயம் பார்த்தீர்களா? இல்லையென்றால் அரை நாள் போட்டுவிடுகிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் மேலிடத்து பதிலுக்காகக் காத்திருப்பார்.

வருடத்தில் நான்கைந்து தடவை இப்படி வருகிறது. ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

இரண்டாம் தடவை வரை கேட்கலாம். மூன்றாம் தடவை என்றால் வழியை மாற்றுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்க இடம் வந்திருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, ஆனால் பேசாமல் இருந்துவிட முடியாது.

60 நாள் என்பதால் அடுத்த திங்கட்கிழமைக்கு இது உதவாது. புதிய பள்ளி ஆண்டின் நாள்காட்டி கைக்கு வந்ததும், சிறப்பு விடுமுறை எந்தெந்த நாள் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பள்ளி மட்டும் மூடியிருக்கும் இந்த நாள்களில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும்" என்று தேதிகளைக் குறிப்பிட்டு ஒரே விண்ணப்பமாகக் கொடுத்துவிடுங்கள். எங்கள் குழுவில் அந்தத் தங்கை இப்போது அப்படித்தான் செய்கிறாள். அவள் மகள் போன முறை வந்தபோது வரைந்த ரயில் படம் என் மேசைத் தடுப்பில் இன்னும் ஒட்டியிருக்கிறது. எப்போது வருவாள் என்று பக்கத்து மேசை அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.